மேசைமேல் கிடந்த ராஜா

எதிரே அமர்ந்த நண்பர் 'ஒன் நோ டிரம்ப்' என்றார். அவர் கையில் 15 முதல் 17 புள்ளி என்று பொருள். நம்மிடமோ ஐந்து இஸ்பேட்டுகள், வேறொன்றும் உருப்படியில்லை. பழைய வழக்கப்படி 'டூ இஸ்பேட்' என்றோம். ஆடும் பொறுப்பு நமக்கு வந்தது. நண்பரின் செல்வமெல்லாம் மேசைமேல் விரிந்தது.

அவரது ஆர்ட்டின், ராஜாவும் ஒரு சில்லறைச் சீட்டும். நம் இடப்புறத்தவர் ராணியை இறக்கினார்; ராஜாவுக்குப் பின்னே ஆஸ் காத்திருந்தது. இரண்டு பிடிகளும் போயின. ஒரே பிடியில் தோற்றோம்.

ஆஸ்வால்ட் ஜேகோபி 1956-இல் எழுதிப் பரப்பிய முறை இதற்காகவே. நாம் 'டூ ஆர்ட்டின்' என்றிருந்தால், நண்பர் கட்டாயம் 'டூ இஸ்பேட்' சொல்வார். (ஆர்ட்டின் வேண்டுமானால் 'டூ டைமன்'.) இஸ்பேட்டை முதலில் சொன்னவர் அவர் என்பதால் ஆடுபவரும் அவரே, வலுவான கை எதிரிகள் கண்ணில் படாது. முதல் சீட்டை ஆஸ் வைத்திருப்பவர் இறக்க வேண்டும்; அவர் ஆர்ட்டினைத் தொட்டால் கடைசியாக விழும் ராஜா பிழைத்துவிடும். ஆஸ் மறுபுறம் இருந்திருந்தால், யார் ஆடினாலும் ராஜாவுக்குச் சேதமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் நாம் 'டூ ஆர்ட்டின்' என்றோம். உடன்பாட்டை மறந்து நண்பர் 'பாஸ்' என்றார். இருவருக்குமாக நான்கே ஆர்ட்டின்களுடன் அந்த ஆட்டத்தை ஆடி முடித்தோம்.