உம்மாவுக்கு மண்ணடியிலிருந்து ஒரு மடல்

அன்பும் கண்ணியமும் நிறைந்த உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலனுக்கும் வாப்பாவின் நலனுக்கும் துஆச் செய்கிறோம். தங்கைக்கு எங்கள் ஸலாமைச் சொல்லுங்கள்.

காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். தங்கள் மருமகனின் வேலை நிமித்தம் நாங்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது, "வாடகை வீடு எப்படி உங்கள் வீடாகும்?" என்று கேட்டீர்கள். அதற்கான பதிலே இம்மடல்.

வீடு சிறியது, ஓர் அறை, சமையற்கட்டு, மேலே மொட்டை மாடி. தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்குமுன் தொழுமிடத்தை முடிவு செய்ய விரும்பினோம். கைப்பேசியின் திசைகாட்டியோ இரும்பு அலமாரியின் அருகே ஒரு திசையும், சன்னலோரம் வேறொரு திசையும் காட்டியது. அருகில் இரும்பு இருந்தால் அதன் முள் விலகிவிடும்.

நல்வாய்ப்பாக அது ஜூலை மாதம். ஆண்டுதோறும் மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களையொட்டிச் சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. நம் நாட்டு நேரப்படி முன்னதில் பிற்பகல் 2.48, பின்னதில் 2.57. அத்தருணத்தில் சூரியனை நோக்கி நிற்பவர் கிப்லாவையே நோக்கி நிற்கிறார்.

ஜூலை 16 அன்று மாடியில் துணி காயப்போடும் கொடியில் நூல் கட்டி, அதன் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டோம். காற்று அடங்கி நூல் அசையாது நின்றதும், 2.57க்கு அதன் நிழல்மீது சுண்ணக்கட்டியால் கோடிட்டோம். நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா.

அக்கோட்டை அறைக்குள் கொண்டுவருவதும் எளிதாயிற்று. மாடிக் கைப்பிடிச்சுவரும் கீழறைச் சுவரும் ஒரே போக்கில், சரியாகக் கிழக்கு மேற்காக உள்ளன. சுவரோரமாக மேற்கே 1 மீட்டர் அளந்தால் கோடு வடக்கே ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் விலகுகிறது. அதே அளவைக் கீழே தரையில் குறித்து, முஸல்லாக்களை விரித்தோம். நம் ஊரில் இச்சாய்வு சற்று மிகுதி. அங்கே 1 மீட்டருக்கு 44 சென்டிமீட்டர் அளவில் வரும். ஆகவே, அங்கு பழகிய சாய்வை இங்கே அப்படியே வைத்துக்கொள்ள இயலாது.

விரிப்புகள் சுவருக்குக் கோணலாகவே கிடக்கின்றன. வருவோர் நேராக்க முனைகையில், கோட்டைக் காட்டுகிறோம். அறையில் எது எங்கே இருக்கவேண்டும் என்பதை அக்கோடுதான் முடிவு செய்தது. அலமாரிகூட அதற்கு வழிவிட்டு மூலைக்குப் போயிற்று. அன்றுமுதல் இது எங்களுக்கு வாடகை வீடாகத் தோன்றவில்லை.

முழங்கால் வலியால் தாங்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுவதை மறக்கவில்லை. சன்னலோரம், காற்று வரும் இடத்தில், அதே சாய்வில் மூன்றாவது கோடும் இட்டு வைத்துள்ளோம். வாப்பாவுடன் விரைவில் வாருங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கள் அன்பு மகளும் மருமகனும்