இரண்டு ஒன்பதுகள்

பயிற்சி வகுப்பில் பலகையில் கட்டத்தை வரைந்து "உங்கள் இடம் எது?" என்று கேட்டால், மேலாளர்களில் பெரும்பாலோர் வலது மேல் மூலையைத்தான் காட்டுகிறார்கள். ராபர்ட் பிளேக்கும் ஜேன் மூட்டனும் 1964இல் புத்தகமாகத் தந்த மேலாண்மைக் கட்டம் அது. படுக்கைக் கோடு வேலை மீதுள்ள அக்கறை. நிமிர்ந்த கோடு மனிதர்கள் மீதுள்ள அக்கறை. இரண்டுக்கும் 1 முதல் 9 வரை எண்கள். வேலைக்கான எண் முதலில் வரும். 9,1 என்றால் விரட்டி வேலை வாங்குபவர். 1,9 என்றால் யார் மனமும் கோணாமல் பார்த்துக்கொண்டு வேலையைக் கோட்டை விடுபவர். எல்லோரும் காட்டும் மூலை 9,9.

அவர்கள் பொய் சொல்வதில்லை. அக்கறை இரண்டும் உண்மையாகவே இருக்கும். அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றின் ஷிப்ட் சூப்பர்வைசர் என்னிடம் சொன்னது இது. மறுநாள் காலை லாரியில் சரக்கு ஏற வேண்டும். லேத் ஓட்டுபவர் வந்து, "அண்ணே, பாப்பாவுக்குக் காய்ச்சல், ஆறு மணிக்குக் கிளம்பணும்" என்றார். "நீ சரக்கை முடி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்ற சூப்பர்வைசர், பணம் கொடுத்து, ஆள் அனுப்பி, குழந்தையை டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தார். இரவு எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தந்தார். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. தனக்கு 9,9 போட்டுக்கொண்டார்.

பிளேக்கும் மூட்டனும் பின்னாளில் இந்த வகையை 9+9 என்று தனியே பிரித்தார்கள். குடும்பத் தலைவர் பாணி என்று சொல்லலாம். முடிவு முழுக்க அவர் கையில். பாசம், சொன்னபடி கேட்டவருக்கு. இரண்டு ஒன்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கலப்பதில்லை. 9,9 என்றால் அந்த ஆறு மணிப் பிரச்சினை எல்லோர் முன்னாலும் வந்திருக்கும். எத்தனை பீஸ் பாக்கி, அந்த லேத்தை வேறு யார் ஓட்டுவார், எந்த வேலையை முன்னால் தள்ளலாம் என்பதெல்லாம் மெஷினில் நிற்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவேயில்லை. குழந்தையின் அப்பா வீட்டுக்குப் போயிருக்கவும் முடிந்திருக்கலாம்.

அதனால்தான் சுயமதிப்பீட்டை எண்ணிலிருந்து தொடங்க விடுவதில்லை. தகராறாகியிருக்கக்கூடிய ஒரு சம்பவத்தை எடுத்து, யார் முடிவெடுத்தார், யாரைக் கேட்டார் என்று மேலாளரை எழுதச் சொல்கிறேன். அதே சம்பவத்தை அவருக்குக் கீழே உள்ள இருவரும் தனியே எழுதுவார்கள். பிளேக், மூட்டன் நடத்திய பயிற்சிகளிலும் சக குழுவினர் ஒருவரைப் பற்றித் தாங்கள் பார்த்ததை முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதைக் கேட்டபின் 9,9 போட்டவர்களில் பலர் இறங்கி வந்தார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. முதல் வழி பலிக்காதபோது ஒருவர் கையிலெடுக்கும் மாற்றுப் பாணி எது? சூப்பர்வைசரிடம், "அவர் முடியாதுன்னு கிளம்பியிருந்தா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நாளையிலிருந்து வராதேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். அது 9,1.