வாசல் வரைக்கும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், இலுப்பைக்கடவைக்குக் கிட்ட உள்ள சின்ன நண்டுக் கொம்பனி ஒன்றுக்கு ஹசப் சான்றிதழ் கிடைத்திருக்கிறது என்று நண்பர் சொல்லித்தான் அங்கே போனேன். முதலாளியின் மருமகன் முகநூலுக்குப் படமே தயாராக வைத்திருந்தார். கீழே ‘சர்வதேசத் தரம் வென்ற நண்டுச் சதை!’ என்றொரு வரி. மூலையில் எஸ்.எல்.எஸ். முத்திரை.

“அண்ணை, இதைக் கொஞ்சம் திருத்தித் தாங்கோ.”

முத்திரையை முதலில் எடுக்கச் சொன்னேன். எஸ்.எல்.எஸ். முத்திரை ஒரு பொருளுக்குக் கொடுக்கப்படுவது. ஹசப் அப்படியல்ல. உணவு எந்தெந்த இடத்தில் கெடக்கூடும் என்று முன்கூட்டியே கண்டு, அந்த இடங்களில் அளந்து, எழுதி வைக்கும் ஒழுங்குக்குத்தான் அந்தச் சான்றிதழ். டப்பாவுக்குள் இருக்கும் சதையை யாரும் சான்றுபடுத்தவில்லை.

அவிக்கும் பக்கம் ஆவியும் வெக்கையும். அங்கே நான் அதிகம் நிற்கவில்லை. சதை எடுக்கும் மேசைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நீலக்கால் நண்டின் ஓட்டைக் கழற்றி, சின்னக் கத்தியால் உள்ளறைகளைத் திறந்து, பின்காலோடு ஒட்டியிருக்கும் பெரிய கட்டியை உடையாமல் எடுத்தார் ஒரு அக்கா. அந்தக் கட்டிக்குத்தான் நல்ல விலை. உடைந்தால் அதே சதை ஒரு தரம் கீழே போய்விடும். எடுத்த சதையை இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் பரப்புகிறார்கள். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பும் ஓட்டுத் துண்டு அங்கே பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஓடு பல்லில் படும். வாங்குபவர் உடனே சண்டைக்கு வருவார். கண்ணுக்குத் தெரியாததுதான் மோசம். அவிக்கும்போது கிருமி சாகிறது. அதற்குப் பிறகு சதையைத் தொடுவது கை. தோலிலும் மூக்கிலும் வெட்டுக்காயத்திலும் இருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி சதையில் ஏறி, சூட்டில் சில மணிநேரம் கிடந்தால் நஞ்சு சுரக்கும். பிறகு ஹோட்டல் குசினியில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகுமே தவிர அந்த நஞ்சு போகாது. வாங்குபவர் தன் பக்கத்தில் திருத்த முடியாத பிழை இது. அதனால்தான் ஐஸ் மேல் கிண்ணம், நிறைந்த கிண்ணம் உடனே குளிரறைக்கு, இடையிடையே வெப்பமானி, பக்கத்தில் ஒரு கொப்பி.

கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள் மின்சாரம் நின்று குளிரறைச் சூடு ஏறியதும், அந்த வேளைச் சதை முழுவதையும் ஒதுக்கியதும் எழுதியிருந்தது. மருமகன் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டப் பார்த்தார். எனக்கோ அந்தப் பக்கம்தான் நம்பிக்கை தந்தது. ஒரு பிழைகூட இல்லாத கொப்பி, மாலையில் ஒரே பேனாவால் உட்கார்ந்து நிரப்பியதாகத்தான் இருக்கும்.

“கை வெட்டுப்பட்டால்?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“முந்தி சொல்லமாட்டம் தம்பி. கிலோவுக்குத்தானே காசு. மேசையை விட்டு எழும்பினால் அண்டைக்கு ஒண்டுமில்லை. இப்ப சொன்னால் பெட்டி ஒட்டுற வேலைக்கு விடுவினம், நாள் கூலி வரும்.”

கையுறை, கைகழுவும் தொட்டி, சுவரில் ஒட்டிய அறிவிப்பு எல்லாவற்றையும்விட இந்த நாள் கூலிதான் சதையைக் காப்பாற்றுகிறது என்று எனக்குப் பட்டது. காயத்தைச் சொன்னால் பட்டினி என்றிருக்கும் இடத்தில் எந்தச் சான்றிதழும் காகிதம்தான். கரையில் விலை வைத்து, கொழும்பில் இன்னொரு விலைக்கு விற்கும் இடைத்தரகர் இந்தக் கூலியில் ஒரு சதமும் போடுவதில்லை. ‘ஹசப் சதை’ என்று கூட்டி விற்க மட்டும் முன்னுக்கு நிற்பார்.

மருமகனும் நானுமாக இருந்து எழுதியது இது:

‘எங்கள் தொழிற்சாலை ஹசப் சான்றிதழ் பெற்றிருக்கிறது. அவித்தது முதல் பொதி செய்வது வரை சதையின் குளிரையும் நேரத்தையும் அளந்து பதிகிறோம். கையில் காயமுள்ளவர் சதையைத் தொடுவதில்லை. அதற்காக அவர் கூலியை இழப்பதுமில்லை. டப்பாவின் தொகுதி எண்ணைச் சொன்னால் அந்த நாளின் பதிவைக் காட்டுவோம். எந்த வேலைகளுக்குச் சான்று, எந்தத் திகதி வரை என்பதைப் படத்திலுள்ள சான்றிதழில் பாருங்கள்.’

முதலாளிக்குக் கூலி வரி பிடிக்கவில்லை. “மற்றக் கொம்பனிக்காரர் என்னோட கொளுவுவாங்கள்” என்றார். மருமகன் விட்டுக்கொடுக்கவில்லை.

‘ஏற்றுமதித் தரம்’ என்று சேர்க்கலாமா என்றும் மருமகன் கேட்டார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதென்றால் கடற்றொழில் திணைக்களத்தின் அங்கீகாரம் தனியாக வேண்டும். ஹசப் இருப்பதால் மட்டும் அது வந்துவிடாது. கடலில் நண்டு குறைகிறதா, சினை நண்டைப் பிடித்தார்களா என்பதற்கும் இந்தச் சான்றிதழில் பதில் இல்லை. அந்தச் சொல்லை விட்டோம்.

படம் போட்ட பிறகு கொழும்பு ஹோட்டல் ஒன்றிலிருந்து முதல் கேள்வி வந்ததாக மருமகன் தொலைபேசியில் சொன்னார்: லொறியில் வரும்போது குளிர் எவ்வளவு? லொறி தரகருடையது. சான்றிதழில் அது இல்லை. ‘எங்கள் வாசல் வரைக்கும்’ என்று இன்னொரு வரி சேர்த்துவிட்டு, லொறிக்குள் வைக்க வெப்பம் பதியும் கருவி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.