ஹூஸ்டனில் மறிக்கலாமா?

‘டிக்கெட் டு ரைட்’ அமெரிக்க வரைபடத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ்–மயாமி டிக்கெட்டை முடிச்சால் 20 புள்ளி. முடிக்காட்டி 20 கழியும்.

எதிராளி மேற்கிலிருந்து ஹூஸ்டன் வரை வந்திட்டார் எண்டு வையுங்கோ. அடுத்து நியூ ஓர்லியன்ஸுக்கு 2 பெட்டிப் பாதை, ஒண்டே ஒண்டுதான். அதை நீங்கள் பிடிச்சால் அவர் டலஸ், லிட்டில் ரொக் எண்டு சுற்ற வேணும்: 3 முறை, 6 பெட்டி.

ஆனா அந்தச் சுற்றுக்கும் அவருக்கு 7 புள்ளி வரும். அதனால் தொடக்கத்தில் மறிச்சால் பெரிய நட்டமில்லை. சுற்றிப்போக நேரம் இருக்கு. ஒருவரிடம் 2 பெட்டியோ குறைவாகவோ மிஞ்சினால் எல்லாருக்கும் கடைசியா ஒரு முறைதான். உங்கட பெட்டிகள் வேகமா முடியிறபோது மறிச்சால்தான் அந்த 20 கழியும். உங்கட சொந்தப் பாதையே அதால போகுதெண்டால் மட்டும் காத்திருக்காதீங்கோ.