சித்தி பிள்ளைகளுக்கு ஒரு புயல் பாட்டு

எங்க கூமாப்பட்டியில் மலை உண்டு, கடல் இல்லை. ஆனால் சித்தி வாக்கப்பட்டது வேதாரண்யத்தில். அவங்க பிள்ளைகளுக்காக நான் கட்டிய பாட்டு இது:

நாற்பத்தெட்டு மணி என்றால் பையைக் கட்டு,
ரேஷன் அட்டை, மருந்து, டார்ச்சு உள்ளே போட்டு!
இருபத்துநாலு என்றால் வீட்டைப் பூட்டு,
இருட்டும் முன்னே முகாமுக்கு நடையைக் கட்டு!
காற்று நின்றால் கதவைத் திறக்காதே,
எதிர்க்காற்று வரும், அதை மறக்காதே!

மணிக்கணக்கு நானாக வைத்ததில்லை. புயல் பாதிப்பு தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது ஓர் எச்சரிக்கை, 24 மணி நேரம் இருக்கும்போது அடுத்தது என்பது வானிலை ஆய்வு மையத்தின் வழக்கம்.

'இருட்டும் முன்னே' ஏன்? கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டித்தான் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. "நள்ளிரவுதானே, ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்" என்று நினைத்தால் ஆபத்து. கரையைக் கடப்பது புயலின் மையம். பலத்த காற்று அதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிடும். மரம் விழுந்து சாலை அடைபடும், கரண்டும் இருக்காது. ஆக, 15-ஆம் தேதி பகலிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

கடைசி இரண்டு வரி புயலின் கண்ணுக்காக. அது நம் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கும். புயல் போய்விட்டது என்று கூரையைப் பார்க்க வெளியே வருவார்கள். கண் நகர்ந்ததும் எதிர்த் திசையிலிருந்து காற்று அறையும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவரும் மரமும் அப்போதுதான் சாயும். அதனால் அதிகாரிகள் சொல்லும் வரை முகாமிலேயே இருக்கணும்.

சின்னவன் கடைசி வரியை மட்டும் ரொம்பச் சத்தமாகப் பாடுகிறானாம்!