எங்கள் வீட்டுத் திகதிப் பட்டியல்

பட்டியலைப் பற்றிக் கேட்ட உடுப்பிட்டி உறவுகளுக்கும், எங்கள் மாணவர்களின் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. தனித்தனியாகச் சொல்வதை விட எல்லோருக்குமாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டியவை, வாரண்டி முடியப் போகிறவை எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறோம். இந்த ஏப்ரல் மாதத்தில் (2025) அது இப்படி இருக்கிறது. தொகைகள் எங்கள் வீட்டுக் கணக்கு, சுற்றுத் தொகையாகப் போட்டிருக்கிறோம்.

ஏப்ரல் 19 – தண்ணீர் மோட்டர் வாரண்டி (முடிவது ஏப்ரல் 28) – 0
மே 3 – மோட்டார் சைக்கிள் புகைப் பரிசோதனை – 900
மே 9 – மோட்டார் சைக்கிள் காப்புறுதி (முடிவது மே 20) – 4,000
மே 15 – வாகன வருமான அனுமதிப்பத்திரம் (முடிவது மே 24) – 1,100
ஓகஸ்ட் 2 – கூகுள் சேமிப்பிடம், 20 டொலர் (முடிவது ஓகஸ்ட் 9) – 6,000
2031 ஓகஸ்ட் 13 – குளிர்சாதனப் பெட்டி கொம்பிரசர் வாரண்டி (முடிவது செப்டெம்பர் 13) – 0

மாதாமாதம் கட்டுபவை இதற்குக் கீழே தனியாக இருக்கும். இணைய இணைப்பு 2,900, ரீவி இணைப்பு 1,300. அவற்றையும் மேலே கலந்தால் மற்றவை கண்ணில் படாது.

புகைப் பரிசோதனை தவிர மற்ற வரிகளில் இரண்டு திகதி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் இருப்பது நாங்கள் எழும்பிப் போய் வேலையைச் செய்ய வேண்டிய திகதி. அடைப்புக்குறிக்குள் இருப்பது முடியும் திகதி. பட்டியலை ஒழுங்குபடுத்துவது முதலாவதன்படிதான். ஏன் என்பதற்கு மோட்டார் சைக்கிள் நல்ல உதாரணம்.

அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு செல்லுபடியான காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆகவே அனுமதிப்பத்திரம் மே 24 முடிகிறது என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. இந்த முறை 24 சனிக்கிழமை. 12, 13 வெசாக் விடுமுறை. புகைப் பரிசோதனையில் சைக்கிள் தேறாவிட்டால் எயார் பில்டர், காபரேற்றர் பார்த்துத் திருத்திக்கொண்டு மறுபடி போக வேண்டும், அதற்குச் சில நாட்கள் தேவை. அதனால் பின்னாலிருந்து எண்ணி வந்தோம்: அனுமதிப்பத்திரம் 15, காப்புறுதி 9, பரிசோதனை 3. பிந்தினால் தண்டப்பணம் ஒரு பக்கம், வழியில் மறித்தால் வரும் கரைச்சல் இன்னொரு பக்கம்.

அடுத்தது வாரண்டி. காசு கட்டாத ஒன்றை ஏன் பட்டியலில் போடுகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதையைச் சொல்கிறோம். 2021 செப்டெம்பர் 14 வாங்கியது. இந்த ஜனவரியில் குளிர் நின்றுபோனது. உள்ளே லைற் எரிகிறது, விசிறி ஓடுகிறது, ஆனால் பெட்டி சூடு. உம்மாவின் இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அதைக் கொடுத்து வைத்துவிட்டு, விற்ற இடத்துக்கு அழைத்தோம்.

"சேர், 2021இல வாங்கினதுதானே. ரெண்டு வருஷ வாரண்டி எப்பவோ முடிஞ்சுது" என்றார் தொலைபேசியில் பேசியவர்.

அவர் சொன்னது பாதி சரி. அந்த அட்டையில் இரண்டு வாரண்டி இருந்தது. முழுப் பெட்டிக்கும் இரண்டு வருடம், கொம்பிரசருக்கு மட்டும் பத்து வருடம். எங்கள் பட்டியலில் அவை இரண்டு வரிகள். முதலாவது வரி 2023இலேயே வெட்டப்பட்டுவிட்டது, இரண்டாவது 2031 வரை நிற்கிறது. வாங்கிய அன்றே எடுத்து வைத்த பற்றுச்சீட்டின் படத்தையும், கடை முத்திரை குத்திய அட்டையின் படத்தையும் அனுப்பினோம். திருத்துநர் வந்து பார்த்து, போனது கொம்பிரசர்தான் என்றார். புதியது இலவசமாகக் கிடைத்தது. காஸ் நிரப்புவதற்கும் வேலைக்கூலிக்கும் நாங்கள்தான் கொடுத்தோம், ஏனென்றால் அட்டையில் கொம்பிரசர் என்ற உதிரிப்பாகம் மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. உங்கள் அட்டையிலும் எது அடக்கம், எது இல்லை என்று பார்த்து அந்த வரியிலேயே குறித்து வையுங்கள். பற்றுச்சீட்டை வாங்கிய அன்றே படம் எடுப்பது முக்கியம். வெப்பத்தாளில் அச்சடிக்கும் சீட்டு எங்கள் ஊர் வெக்கைக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே வெளிறிப் போகலாம்.

தண்ணீர் மோட்டர் வரியும் இதே காரணத்துக்காகத்தான். 19ஆம் திகதி அதை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, சத்தம் மாறுகிறதா, அளவுக்கு மீறிச் சுடுகிறதா, தண்டுப் பக்கம் நீர் கசிகிறதா என்று பார்க்கப் போகிறோம். குறை இருந்தால் 28க்கு முன் சொன்னால் அவர்களின் செலவு. பிறகு சொன்னால் எங்கள் செலவு.

இனி வருடக் கூட்டுத்தொகை. மாதம் கட்டுவதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். இணையம் 34,800, ரீவி 15,600. மோட்டார் சைக்கிளின் மூன்றும் 6,000, சேமிப்பிடம் 6,000. மொத்தம் 62,400. அதாவது மாதம் 5,200.

இந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது. 1,300 என்றால் ஒருவரும் யோசிப்பதில்லை, 15,600 என்றால் யோசிப்பார்கள். எங்கள் ரீவி இணைப்பு முற்கொடுப்பனவு, விரும்பிய மாதத்துக்கு மட்டும் நிரப்பலாம். பாடசாலை விடுமுறையும் கிரிக்கெட்டும் வரும் நான்கு மாதங்கள் போதும் என்று பிள்ளைகளே ஒத்துக்கொண்டார்கள். அப்போது ரீவி 5,200 ஆகும், மொத்தம் 52,000க்கு இறங்கும்.

டொலரில் கட்டுவதற்கு டொலர்த் தொகையையும் எழுதி வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் அது 360 வரை போனது. 20 டொலர் 20ஆகவே இருந்தது, ரூபாவில் 4,000 என்பது 7,200 ஆனது. ரூபாவை மட்டும் எழுதியிருந்தால் கூட்டுத்தொகை பொய் சொல்லும். இது அட்டையிலிருந்து தானாக வெட்டப்படுவதால், வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாரம் முந்தியே பார்க்க ஓகஸ்ட் 2 போட்டிருக்கிறோம்.

கொப்பியில் எழுதுபவர்கள் மாதத்துக்கு ஒரு பக்கமாகப் பன்னிரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரே பக்கத்தில் எழுதினால் புதிய வரியை இடையில் செருக முடியாமல் திகதி ஒழுங்கு குலைந்துவிடும். ஒன்றைக் கட்டியதும் வெட்டிவிட்டு, அடுத்த திகதியை உரிய பக்கத்தில் அப்போதே எழுத வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் செய்பவர்களுக்கு: A பெயர், B செய்ய வேண்டிய திகதி, C தொகை, D எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, E முடியும் திகதி. எட்டு வரிகள் இருந்தால், முதலாவது திகதி ஒழுங்கையும் இரண்டாவது வருடக் கூட்டுத்தொகையையும் தரும்.

```
=SORT(A2:E9,2,TRUE)
=SUMPRODUCT(C2:C9,12/D2:D9)
```

வாரண்டி வரிகளில் C இல் 0, D இல் 12 போடுங்கள். D வெறுமையாக இருந்தால் பிழை காட்டும். திகதியை 2025-05-15 என்றே தட்டுங்கள். தட்டிய பின் அது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், அதைத் திகதியாக அல்ல, வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வரி ஒழுங்கில் சரியாக வராது.

தொடங்குபவர்கள் முதலில் வாகனத்தின் மூன்று திகதிகளையும் எழுதுங்கள். பிறகு அலுமாரியில் கிடக்கும் வாரண்டி அட்டைகளை எடுங்கள். உங்கள் பட்டியலில் வேறு என்ன இருக்கிறது என்று கீழே சொல்லுங்கள், எங்களுக்கும் விட்டுப் போனது இருக்கும்.