சிப்பி காட்டிய ஆள் யார்?

பாட்டி இறந்தபோது அவளுடைய பெட்டியிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு படம்தான். கண்ணாடி போட்ட பழைய அச்சுப் படம். கையில் நீளக் கோல், தோளில் குட்டையான மேலங்கி, அதில் ஒரு சிப்பி. வீட்டில் எல்லாரும் சந்தியாகப்பர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு உறுத்தியது ஒன்றுதான். சந்தியாகப்பர் திருநாள் ஜூலை 25. பாட்டி அந்தப் படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுவது ஆகஸ்ட் மாதத்தில், மாதா திருநாளுக்கு மறுநாள். மாதாவுக்கு ஏற்றியதில் மிச்சமான திரி என்று அத்தை சொல்வாள்.

ஊர்க் கோயிலில் உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தாவிடம் படத்தை எடுத்துப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"சிப்பி இருக்குல்லா? சிப்பி இருந்தா சந்தியாகப்பர். எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

சிப்பியைப் பிடித்துக்கொண்டு நான் பல மாதம் சுற்றினேன். அவர் சொன்னதில் பாதி சரி. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், சந்தியாகப்பர் கல்லறை இருப்பதாக நம்பப்படும் கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போனவர்கள் அந்தக் கடற்கரைச் சிப்பியை அடையாளமாகத் தைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஓவியர்கள் அதை அப்போஸ்தலர் மேலேயே மாட்டிவிட்டார்கள். தன் கல்லறைக்கே யாத்திரை வந்தவர்போல அவர் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். நாளடைவில் எந்த ஊருக்கு நடந்தவனுக்கும் சிப்பி பொதுவாகிவிட்டது. ஆகவே சிப்பி சொல்வது 'இவர் யாத்திரிகர்' என்பதை மட்டும்தான். பெயரைச் சொல்லாது.

நிறத்தை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதுவும் உதவவில்லை. வெயில் பட்ட அச்சுப் படத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்துவிடும், நீலம் மட்டும் தங்கும். என் படத்தில் மேலங்கி, வானம், தரை எல்லாமே நீலம்.

கடைசியில், சட்டத்தில் கறையான் ஏறியதால் படத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆணிகளைப் பிடுங்கி அட்டையை எடுத்ததும் படத்தின் அடிப்பகுதியில் அதுவரை சட்டத்துக்குள் மறைந்திருந்த இரண்டு விரல் அகலம் வெளியே வந்தது. வெயில் படாத இடம், நிறம் புத்தம் புதிதாக இருந்தது. அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு பிராணி, நிமிர்ந்த தலை, வாயில் உருண்டையாக ஏதோ ஒன்று. இதற்குள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. துணி மடிப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்த இடத்தில் அவர் இடது கையால் உடையை விலக்கித் தொடையைக் காட்டிக்கொண்டிருந்தார். தொடையில் சின்னதாக ஒரு புண்.

அப்போஸ்தலர் யாரும் தொடையைக் காட்டி நிற்கமாட்டார். சந்தியாகப்பர் என்றால் நீள அங்கி, கையில் பெரும்பாலும் ஒரு புத்தகம். தொடைப் புண்ணும் நாயும் சேர்ந்தால் அவர் பிரான்சின் மொம்பெலியே நகரத்து ரோக், நாம் ஆரோக்கியநாதர் என்று கும்பிடுகிறவர். ரோமுக்கு யாத்திரை போன வழியில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, தானும் நோய்வாய்ப்பட்டுக் காட்டில் கிடந்தார். அப்போது ஒரு நாய் தினமும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது என்பது கதை. கொள்ளைநோயின் கட்டி பெரும்பாலும் அரையில்தான் நெறி கட்டும். அதைக் கோயில் படத்தில் எப்படிக் காட்டுவது? ஓவியர்கள் கொஞ்சம் கீழே இறக்கித் தொடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுபடி தாத்தாவிடம் ஓடினேன். அவர் விடுவதாக இல்லை.

"அது நாயில்லய்யா, ஆட்டுக்குட்டி."

"ஆட்டுக்குட்டி வாயில ரொட்டி எதுக்கு தாத்தா?"

கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒம் பாட்டி என்னைக்குத் திரி ஏத்துவா?" என்று கேட்டார். மாதா திருநாளுக்கு மறுநாள் என்றேன்.

"பதினாறா? அது ஆரோக்கியநாதர் திருநாள்லா!"

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. பாட்டியின் தம்பிமார் இருவரும் ஒரே வாரத்தில் பேதியில் போனவர்கள். வீட்டில் மற்றவர்கள் படத்தின் பெயரை மறந்தார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை, தேதியை மட்டும் விடாமல் வைத்திருந்தாள்.

உங்கள் வீட்டுச் சுவரில் கோலும் சிப்பியுமாக ஒருவர் இருந்தால், பெயர் சொல்வதற்கு முன் சட்டத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நாய் கீழே நிற்கலாம்.